வரியின் முன்னால் இருக்கும் வெற்றிடம்

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், சுவரில் மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டும் என்றார். யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்பதைக் கட்டங்களாலும் கோடுகளாலும் காட்டும் படம். கையில் இருந்தது நோட்பேடில் தட்டிய பட்டியல் மட்டும். சுருக்கினால் இப்படி இருக்கும்:

```
1 வட்டாட்சியர்
2     தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர்
3         உதவியாளர்
4     மண்டலத் துணை வட்டாட்சியர்
5         வருவாய் ஆய்வாளர், வடக்கு
6             கிராம நிர்வாக அலுவலர்
7                 கிராம உதவியாளர்
8         வருவாய் ஆய்வாளர், தெற்கு
9             கிராம நிர்வாக அலுவலர்
```

வரி எண்களைப் பேச்சு வசதிக்காக நான் போட்டேன். அசல் பட்டியலில் அவை கிடையாது. ஒவ்வொரு படிக்கும் நான்கு இடைவெளி விட்டிருந்தார் நண்பர்.

இந்தப் பட்டியலில் யாருக்கு யார் மேலதிகாரி என்று எழுத்தில் எங்குமே சொல்லவில்லை. அந்தச் செய்தி முழுக்க வரியின் முன்னால் விட்ட வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்க ஒரே ஒரு விதி போதும்: ஒரு வரியிலிருந்து மேல்நோக்கிப் போங்கள், அதைவிடக் குறைவான இடைவெளி கொண்ட வரி எது முதலில் தென்படுகிறதோ, அதுவே மேலதிகாரி.

எட்டாவது வரியை எடுத்துக்கொள்வோம். தெற்கு வருவாய் ஆய்வாளருக்கு முன்னால் 8 இடைவெளி. மேலே போனால் கிராம உதவியாளருக்கு 16, கிராம நிர்வாக அலுவலருக்கு 12. இரண்டும் அதிகம், தாண்டிவிடலாம். வடக்கு ஆய்வாளருக்கு 8. சமம் என்பதால் அவர் சகா, மேலதிகாரி அல்ல. அதற்கும் மேலே மண்டலத் துணை வட்டாட்சியருக்கு 4. அங்கே நிறுத்தி, நாலுக்கும் எட்டுக்கும் ஒரு கோடு போடலாம். கணினி நிரல்கள் செய்வதும் சாராம்சத்தில் இதேதான். சமமானவர்களில் யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்பதை வரிகளின் வரிசை முடிவு செய்கிறது. படி ஒன்று, வரிசை வேறொன்று; படத்தில் இரண்டும் காப்பாற்றப்பட வேண்டும்.

நண்பர் பட்டியலை அப்படியே பவர்பாயின்டில் ஒட்டினார். பிறகு Home பட்டையில் உள்ள Convert to SmartArt வழியாக Organization Chart படத்தைத் தேர்ந்தெடுத்தார். வந்தது படமே அல்ல. வட்டாட்சியரும் கிராம உதவியாளரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்றார்கள். ஜனநாயகம்தான், ஆனால் அலுவலகம் அப்படி நடப்பதில்லை.

ஸ்பேஸ் விசையால் போட்ட வெற்றிடத்தை பவர்பாயின்ட் படியாக எண்ணுவதில்லை. அதற்கு அது வெறும் எழுத்து. பட்டியலின் நிலை மாறினால்தான் படி மாறியதாகக் கொள்ளும். ஆகவே வரியின் முன்னால் உள்ள ஸ்பேஸ்களை அழித்துவிட்டு, அங்கே கர்சரை வைத்து, எத்தனை படி இறங்க வேண்டுமோ அத்தனை முறை டேப் விசையை அழுத்த வேண்டும். தவறி ஒரு படி கூட இறங்கிவிட்டால் ஷிஃப்டோடு டேப் அழுத்தினால் மேலே ஏறிவிடும். ஒன்பது வரிக்கு இரண்டு நிமிட வேலை. அதன் பிறகு படமாக மாற்றினால் கட்டங்கள் தத்தம் இடத்தில் உட்காரும்.

அப்போதும் ஒரு கண்மயக்கு வரலாம். இடம் மிச்சப்படுத்த, ஒரே படியில் உள்ளவர்களை ஒருவர் கீழ் ஒருவராகத் தொங்கவிடும் அமைப்பு இந்தப் படத்தில் உண்டு. இரண்டு ஆய்வாளர்களும் சமம்தான். ஆனால் மேலும் கீழுமாக வரைந்தால் பார்ப்பவர் மேலே இருப்பவரைப் பெரியவர் என்று எடுத்துக்கொள்வார். அவர்களுடைய மேலதிகாரியின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, Layout பட்டியலில் Standard என்பதை அழுத்தினால் இருவரும் பக்கவாட்டில் வந்துவிடுவார்கள்.

பட்டியல் நூறு வரியைத் தாண்டினால் இந்தக் கைவேலை அலுத்துவிடும். கிராஃப்விஸ் போன்ற மென்பொருளிடம், யாரிலிருந்து யாருக்குக் கோடு என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் படத்தை அதுவே வரைந்துவிடும். அங்கே வேறொரு பள்ளம் உண்டு. நம் பட்டியலில் கிராம நிர்வாக அலுவலர் இரண்டு முறை வருகிறார், ஆறிலும் ஒன்பதிலும். பதவிப் பெயரையே அடையாளமாகக் கொடுத்தால் கிராஃப்விஸ் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடும். வடக்கு, தெற்கு இரண்டு ஆய்வாளர்களிடமிருந்தும் ஒரே கட்டத்துக்குக் கோடு வரும். வரி எண்ணை அடையாளமாகவும் பெயரை வெறும் முகப்பாகவும் கொடுத்தால் இது தீரும்:

```
digraph {
  ordering=out
  node [shape=box]
  n4 [label="மண்டலத் துணை வட்டாட்சியர்"]
  n5 [label="ஆய்வாளர், வடக்கு"]
  n6 [label="கிராம நிர்வாக அலுவலர்"]
  n8 [label="ஆய்வாளர், தெற்கு"]
  n9 [label="கிராம நிர்வாக அலுவலர்"]
  n4 -> n5
  n4 -> n8
  n5 -> n6
  n8 -> n9
}
```

`ordering=out` என்ற வரி, நாம் எழுதிய வரிசைப்படியே இடமிருந்து வலமாக வைக்கச் சொல்கிறது. வடக்கு முதலில், தெற்கு பிறகு.

பெயர்கள் கலந்துவிட்டனவா என்று கண்டுபிடிப்பது எளிது. பட்டியலில் எத்தனை வரியோ அத்தனை கட்டம் இருக்க வேண்டும். கோடுகள் அதைவிட ஒன்று குறைவு. நம் முழுப் பட்டியலுக்கு 9 கட்டம், 8 கோடு. கட்டம் எட்டாகிவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள்.

எண்ணிக்கைக்கு அகப்படாத தவறுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஐந்தாவது வரியில், வடக்கு ஆய்வாளருக்கு முன்னால், 8 இடைவெளிக்குப் பதில் 7 விழுந்துவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இப்போது எட்டாவது வரிக்கு அதே விதியைப் போட்டுப் பாருங்கள். மேலே போகும்போது 16, 12, அடுத்து 7. ஏழு எட்டைவிடக் குறைவு. தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு ஸ்பேஸ் காணாமல் போனதால் தெற்கு ஆய்வாளர் வடக்கு ஆய்வாளருக்குக் கீழே போய்விட்டார்! கட்டம் 9, கோடு 8, எல்லாம் சரியாகவே இருக்கும்.

இதைப் பிடிக்க, படி படியாக எண்ண வேண்டும். சரியான படத்தில் மேலிருந்து கீழே 1, 2, 3, 2, 1 என்று கட்டங்கள் இருக்கும். தவறான படத்தில் 1, 2, 2, 2, 2. வரைவதற்கு முன்பே பிடிக்க வேண்டுமானால் இடைவெளிகளை நான்கால் வகுத்துப் பார்க்கலாம். மீதி வந்தால் அந்த வரி பழுது. இன்னொன்று: ஒரு வரி தன் முந்தைய வரியைவிட ஒரு படிக்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஏறும்போது எத்தனை படி வேண்டுமானாலும் தாவலாம். டேப்பையும் ஸ்பேஸையும் ஒரே பட்டியலில் கலந்தால் இந்தக் கணக்கு எதுவுமே நிற்காது. முதலில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்வது நல்லது.

தலைவர் மேலேதான் இருக்க வேண்டும் என்பது வெறும் வழக்கம். நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வேக்காக டேனியல் மெக்காலம் 1855-இல் உருவாக்கிய படத்தை உலகின் முதல் நிறுவன வரைபடம் என்பார்கள். அது ஒரு மரம். தலைவரும் இயக்குநர் குழுவும் அடியில் வேராக இருக்க, ஊழியர்கள் மேலே கிளைகளாகப் பரவியிருந்தார்கள்.

நண்பரின் படம் தயாரானதும் ஒரு கேள்வி எழுந்தது. நில அளவர் எங்கே? அவர் உட்காருவது வட்டாட்சியர் அலுவலகத்தில். துறையோ நில அளவைத் துறை. அவருக்கு மேலே இரண்டு பேர். உள்தள்ளிய பட்டியலில் ஒரு வரிக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க முடியும். வெற்றிடத்துக்கு இரண்டு பேரைச் சுட்டத் தெரியாது. வட்டாட்சியருக்குக் கீழே ஒரு வரியாக அவரைச் சேர்த்தோம். இன்னொரு கோட்டை, படம் வந்த பிறகு, புள்ளிக்கோடாகக் கையாலேயே இழுத்தார் நண்பர்.