தேதியைத் தள்ளக் கேட்கும் கடிதம்

கல்யாணத் தேதி தள்ளிப்போவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தள்ளிப்போகும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் தள்ளிப்போகும். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் நிச்சயம் ஆன பெண் ‘எனக்கு மனசு இன்னும் தெளியலை’ என்று சொன்னால் அது ஒரு காரணமாகவே எடுபடாது. கல்யாணம் நெருங்கினால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், தாலி ஏறினால் சரியாகிவிடும் என்று பெரியம்மா ஆறுதல் சொல்லிவிடுவார்.

பெரியம்மா சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் புதிதாக மணமான 232 ஜோடிகளிடம், திருமணத்துக்கு முன் எப்போதாவது தயக்கம் இருந்ததா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகளில் ஒருவருக்காவது இருந்திருக்கிறது. ஆகவே தயக்கம் சாதாரணம்தான். அது தானாகச் சரியாகிவிடும் என்பதுதான் இடிக்கிறது. தயங்கிய பெண்களில் 19 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகளுக்குள் விவாகரத்து பெற்றிருந்தார்கள். தயங்காத பெண்களில் 8 சதவீதம். தயக்கம் அதிகம் இருந்தது ஆண்களிடம், ஆனால் பின்னால் வரப்போவதை முன்கூட்டிக் காட்டியது பெண்களின் தயக்கமே. 2012இல் வெளியான இந்த ஆய்வின் எண்களை, விவாகரத்து அரிதான நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே அதே தயக்கம் பிரிவாக வெளிப்படாமல் ஒரே வீட்டுக்குள் மௌனமாகத் தங்கிவிடவும் கூடும்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? திருச்சியில் வங்கி வேலையில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். மாசியில் நிச்சயம் முடிந்தது, ஆனி மாதம் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, ‘ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் வேலையை விட்டுடலாம்’ என்று சிரித்தபடி சொல்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு இவள் போனில் கேட்கும்போதெல்லாம் ‘அதை அப்புறம் பாத்துக்கலாம்மா’ என்கிறார்.

இவள் முதலில் எழுத நினைப்பது பொய்க் காரணம்: பதவி உயர்வுத் தேர்வு இருக்கிறது, உடம்பு சரியில்லை. அதில் சங்கடம் குறைவு. ஆனால் தேர்வு முடிந்ததும் தேதி திரும்ப வந்து நிற்கும், சந்தேகமும் அப்படியே இருக்கும். இன்னொரு வழி, ‘எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதுவது. படிப்பவருக்கு அது நாசூக்கான மறுப்பாகவே தெரியும்; வேறு யாரையோ மனதில் வைத்திருக்கிறாளா என்று யோசிப்பார்.

அவள் எழுதவேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. தேதியை ஆவணிக்குத் தள்ளிவைக்கத்தான் கேட்கிறேன். நிச்சயத்தன்று அத்தை என் வேலையைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் பேசவில்லை. அவர் சொன்னதைவிட உங்கள் மௌனம்தான் என்னை உறுத்துகிறது. ஓசூர்ப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுக்க நான் தயார். மாறுதல் வரத் தாமதமானால் நாம் எப்படிச் சமாளிப்போம்? நான் வேலையில் நீடிப்பதை உங்கள் வீட்டில் நீங்களே சொல்வீர்களா? இந்த இரண்டையும் ஆடி முடிவதற்குள் நேரில் பேசிவிடுவோம். அதற்குப் பிறகும் மனம் தெளியாவிட்டால் நானே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.’

இதில் சந்தேகம் எது, அது எப்படித் தீரும் என்பது இருக்கிறது; கெடுவும் இருக்கிறது. கெடு இல்லாமல் தள்ளிவைத்தால் இரு வீட்டாரும் அந்தரத்தில் தொங்குவார்கள். ஆடியில் எப்படியும் முகூர்த்தம் வைக்கமாட்டார்கள் என்பதால், ஆவணி என்றால் ஊராருக்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது. கடிதத்தை அவருக்கு அனுப்பிய அன்றே தன் பெற்றோரிடமும் சொல்லிவிடுவது நல்லது. சம்பந்தி வாயால் அவர்கள் கேள்விப்பட்டால் பேச்சு வேலையைப் பற்றி இருக்காது, மானத்தைப் பற்றித்தான் இருக்கும்.

செலவு இருக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் எழுதினால் நஷ்டம் குறைவு. மண்டப அட்வான்ஸை வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை ரசீதின் பின்பக்க விதிகளில் பார்த்துக்கொள்ளலாம். நிச்சயம் ஆகிவிட்டது என்பதற்காக யாரையும் மணமேடை ஏறச்சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. கல்யாணமே நின்றுபோனால் செலவுக் கணக்கு கேட்டு எதிர்த்தரப்பு வழக்குப் போட இடமுண்டு, அவ்வளவுதான்.

இனி பதில். அவர் கோபப்பட்டால் மட்டும் அவரை எடைபோட்டுவிட முடியாது. இப்படி ஒரு கடிதம் வந்தால் யாருக்கும் முதல் நாள் கோபம் வரும். இரண்டு மூன்று நாள் கழித்து அவர் அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறாரா என்று பார்க்கவேண்டும். ‘வீட்டில் பேசினேன், அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் சொல்லிவிட்டேன்’ என்று வந்தால் ஆவணிக்குப் பேச்சைத் தொடங்கலாம். கேள்விகளை விட்டுவிட்டு, ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்தால், ஆவணித் தேதிக்கும் மண்டபம் பிடிக்க அவசரப்படவேண்டாம்.