சித்தாள் கையில் கரண்டி

கட்டட வேலைக்குச் சித்தாளாக வரும் ஆண், சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிவிடுவார். அவர் பக்கத்தில் கலவைச் சட்டி சுமக்கும் பெண்ணோ பெரும்பாலும் கடைசிவரை சித்தாள்தான். கரண்டி பிடிக்க ஆசைப்படுகிறவளிடம் ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால், ஆண்டுக்கணக்கில் செங்கல் சுமந்தவளுக்குப் பொறுமையை நாம் கற்றுத்தர வேண்டுமா?

‘தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது’ என்பதைத்தான் நான் சொல்வேன். அது அவளுக்கு மட்டுமல்ல, கரண்டியைத் தர மறுக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்துச் சொல்வது. கலவைப் பதமும் கல்லை நனைக்கும் அளவும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பழக வேண்டியது வரிசையும் தூக்கும்தான். கீழ்வரிசையின் செங்குத்து இணைப்புக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரக்கூடாது. வந்தால் சுவர் அந்தக் கோட்டில் விரிசல் விடும்.

தூக்குக்குண்டின் கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் வைத்துக் குண்டைத் தொங்கவிட்டால், அது சுவரை லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். குண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி தெரிந்தால் சுவரின் மேல்பக்கம் வெளியே சாய்கிறது. குண்டு சுவரில் அழுந்திச் சாய்ந்தால் மேல்பக்கம் உள்ளே போகிறது. கலவை இறுகுவதற்குள் தட்டிச் சரிசெய்துவிடலாம். இறுகிவிட்டால் அந்த வரிசையைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

முதலில் பாரம் தாங்காத குட்டைச் சுவரைக் கொடுக்கலாம். கொத்தனார் வேலை செய்யும் நாளில் அவளுக்குக் கொத்தனார் கூலியே தர வேண்டும்.