இன்று யோகா வகுப்பு இல்லை

“நாளை காலை யோகா வகுப்பு இல்லை. மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை.”

ஞாயிற்றுக்கிழமை இரவு பன்னிரண்டேகாலுக்கு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் வகுப்பை ஒருங்கிணைக்கும் ஒரு மேடம். அவருக்கு அது இன்னும் ஞாயிறு இரவுதான். நாளை என்றால் திங்கள். ஆனால் கடிகாரக் கணக்கில் திங்கள் பிறந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போனைத் தொடுபவருக்கு நாளை என்றால் செவ்வாய். இந்த வகுப்போ திங்கள், புதன், வெள்ளி மட்டும். ‘செவ்வாய்க்கிழமைதான் என்றைக்குமே வகுப்பு கிடையாதே, இதை ஏன் சொல்கிறார்?’ என்று யோசித்தபடியே ஏழெட்டுப் பேர் மேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கம்யூனிட்டி ஹால் வாசலில் நிற்பார்கள். பூட்டு தொங்கும். வாட்ச்மேனுக்கும் ஒன்றும் தெரியாது.

யோகா, ஜும்பா, ஏரோபிக்ஸ் என்று எந்த வகுப்பானாலும் பயிற்சியாளர் வராத நாள் வந்தே தீரும். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், வழியில் வண்டி பஞ்சராகும். அதை யாரும் குறை சொல்வதில்லை. சண்டை வருவது அறிவிப்பால்தான்.

அறிவிப்பு எந்த நேரத்தில் வந்தது என்பது முதல் விஷயம். ஆசனப் பயிற்சி வெறும் வயிற்றில் செய்வது. ஆறு மணி வகுப்புக்கு வருபவர் ஐந்துக்கு எழுந்து, காபியைத் தள்ளிப்போட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். மாலை வகுப்பென்றால் மதியச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் மூன்று நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதால், நான்கு மணி டிபனைத் தொடாமல் இருப்பார். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் சிலர், மருத்துவர் சொன்னபடி, பயிற்சிக்கு முன் எதையாவது கொஞ்சம் சாப்பிட்டு வருவார்கள். நடுவில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. சாப்பிட்டது வயிற்றில் இருக்க, வகுப்பு மட்டும் இல்லையென்றால் அவர் கணக்கு மாறிவிடுகிறது. ஆகவே காலை வகுப்புக்கான செய்தி முதல் நாள் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் போய்விட வேண்டும். மாலை வகுப்புக்கு மதியம் இரண்டு மணியைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகுதான் மாஸ்டர் போன் செய்தார் என்றால் குழுவில் போட்டதோடு வேலை முடியவில்லை; ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு மாஸ்டரும் ஒத்துழைக்க வேண்டும். ‘காலையில் சரியாகிவிடும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாத்திரை போட்டுப் படுப்பவர்கள்தான் பெரும்பாலும் ஐந்தரை மணிக்குக் கூப்பிடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் இருந்தால் மறுநாள் வகுப்பு இல்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. காலையில் அவர் தெம்பாக எழுந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஒரு நாள் ஓய்வுதானே!

அடுத்தது வாசகம். நம் மேடம் எழுதியதில் தேதி இல்லை, கிழமை இல்லை, நேரம் இல்லை. அதே ஹாலில் மாலை ஆறரைக்கு வேறொரு டீச்சர் நடத்தும் வகுப்பும் இருக்கிறது. காலைச் செய்தியைப் பார்த்துவிட்டு மாலைக்காரர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட, டீச்சர் தனியாக வந்து உட்கார்ந்திருப்பார். அதே செய்தியை இப்படி எழுதியிருக்கலாம்:

“ஜூன் 16, திங்கள் காலை 6 மணி யோகா வகுப்பு நடக்காது. மாஸ்டருக்கு உடல்நலம் சரியில்லை. அன்று மாலை 6.30 வகுப்பு வழக்கம்போல் உண்டு. புதன் காலை வகுப்பு நடக்குமா என்பதைச் செவ்வாய் மாலை 6 மணிக்குள் சொல்கிறேன். திங்கள் வகுப்புக்கு ஈடாக ஜூன் 24, செவ்வாய் காலை 6 மணிக்கு வகுப்பு வைக்கிறோம்.”

ஐந்தே வரி. எது இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே எது உண்டு என்பதும் இருக்கிறது. புதன்கிழமை பற்றி இப்போதைக்குத் தெரியாது என்றாலும், எப்போது தெரியும் என்று ஒரு நேரம் கொடுத்தாயிற்று. அதைக் கொடுக்காவிட்டால் செவ்வாய் முழுக்க ‘மேடம், நாளைக்கு இருக்கா?’ என்று இருபது செய்திகள் வரும்.

ஈடு வகுப்பை முதலில் ஜூன் 21 சனிக்கிழமை வைக்கலாம் என்றுதான் தோன்றும். அன்று சர்வதேச யோகா தினம். ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்து, 2015 முதல் கொண்டாடப்படுவது. பள்ளி, வங்கி, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலிருந்தும் யோகா ஆசிரியர்களுக்கு அழைப்பு வரும் நாள் அது. வருடத்தில் அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் எந்த மாஸ்டரிடமும் கேட்காமல் இருப்பது உத்தமம்.

காரணத்தை எவ்வளவு சொல்ல வேண்டும்? உடல்நலம் சரியில்லை, அல்லது வீட்டில் அவசர வேலை, அதற்கு மேல் வேண்டாம். என்ன காய்ச்சல், எந்த டெஸ்ட் எடுத்தார் என்பதெல்லாம் அவருடைய சொந்த விஷயம். குழுவில் போட்டால் அரை மணி நேரத்தில் நிலவேம்பிலிருந்து மிளகு ரசம் வரை வைத்தியம் வந்து குவியும். ஒன்றில் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு வந்திருப்பது மெட்ராஸ் ஐ போலத் தொற்றக்கூடியது, வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோரோடும் இருந்திருக்கிறார் என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டு அதைச் சொல்லிவிடுவதே முறை.

செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் படித்த பிறகுதான் நீல டிக் விழும். ஒருவர் படிக்காவிட்டாலும் சாம்பல் நிறமாகவே இருக்கும். அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், யார் யார் படித்தார்கள், யாருக்குப் போய் மட்டும் சேர்ந்திருக்கிறது என்று பெயர் பெயராக வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குழுவில் படித்தால் அதில் தெரிந்துவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் படிக்காதவர்கள் நாலைந்து பேர்தான் தேறுவார்கள். அவர்களுக்கு மட்டும் போன் போட்டால் போதும்.

இன்னொரு சிக்கல், திருத்தம். தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டு, பிறகு அதே செய்தியைத் திருத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்தான். ஆனால் திருத்தியதற்குப் புதிதாக மணி அடிக்காது. முன்பே படித்தவர் பழைய தேதியோடுதான் தூங்கப் போயிருப்பார். ஆகவே ‘திருத்தம்’ என்று தொடங்கிப் புதுச் செய்தியாகவே போட்டுவிட வேண்டும். கூடவே ஹால் கதவில் ஒரு தாள், வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை. குழுவிலேயே இல்லாத தாத்தா பாட்டிகளுக்கு அதுதான் அறிவிப்பு.

வகுப்பை ரத்து செய்யாமல் வேறொருவரை அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். ஜும்பாவுக்கு அது ஓரளவு சரிப்படும். யோகாவில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்கு முதுகுத் தட்டு விலகல், யார் கர்ப்பிணி, யாருக்கு முழங்கால் மடங்காது என்பதெல்லாம் பழைய மாஸ்டரின் தலைக்குள்ளேதான் இருக்கும். புதிதாக வருபவர் எல்லோரையும் தலைகீழாக நிற்கச் சொன்னால் ரத்த அழுத்தக்காரர் கூச்சத்தில் நின்றும்விடுவார். ஆகவே ஆள் மாற்றுவதென்றால் அந்தக் குறிப்புகளைப் போனிலாவது ஒப்படைக்க வேண்டும். அறிவிப்பிலும், ‘இன்று வேறு டீச்சர் வருகிறார், உடல் பிரச்சினை இருப்பவர்கள் ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்’ என்று ஒரு வரி போட வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் ரத்து செய்வதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

எழுந்து உட்கார்ந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாமே என்றால், ஏற்கெனவே கற்றதை மட்டும் செய்யலாம். ஆயுஷ் அமைச்சகம் யோகா தினத்துக்காக வகுத்த பொது யோகா நெறிமுறை சுமார் 45 நிமிடப் பயிற்சி. பிரார்த்தனையில் தொடங்கித் தாடாசனம், சவாசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் என்று போகும். வகுப்பில் அதைப் பழகியவர்களுக்கு ‘அதைச் செய்யுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். யூடியூபில் எதையோ பார்த்துப் புதிதாகச் செய்து பார்க்கும் நாள் இதுவல்ல.

இனிப் பணம். மாதக் கட்டணம் 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி என்று எண்ணினால் 2025 ஜூனில் 13 வகுப்புகள். ஆக, ஒரு வகுப்பு 100 ரூபாய். ஈடு வகுப்பு வைத்தால் கணக்கு நேராகிவிடும். அதற்கு வர முடியாதவர்களுக்கு மாலை வகுப்பில் ஒரு நாள் இடம் கொடுக்கலாம், அல்லது அடுத்த மாதம் 100 ரூபாயைக் கழிக்கலாம். மூன்று மாதக் கார்டு வைத்திருப்பவர்களிடம்தான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார்டு ஜூன் 27 வெள்ளியோடு முடிகிறது, ‘ஒரு நாள் நீட்டித்திருக்கிறோம்’ என்கிறார்கள். அந்த ஒரு நாள் சனிக்கிழமை. அன்று வகுப்பே கிடையாது. ஜூன் 30 திங்கள் வரை நீட்டித்தால்தான் அவருக்கு ஒரு வகுப்பு கைக்கு வரும். நாளைக் கூட்டுகிறார்களா, வகுப்பைக் கூட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நூறு ரூபாய்க்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் மொத்தமாகப் பணம் வாங்கிய ஒரு மையத்தில் பயிற்சியாளர் விலகிப் போய், வாரக்கணக்கில் ‘வகுப்பு இல்லை’ என்று மட்டும் செய்தி வந்துகொண்டிருந்தால் அது வேறு கதை. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. இலவச வகுப்பு வராது. குறைபாடான சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. முதலில் மையத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்போது குழுவில் வந்த ஒவ்வொரு ரத்துச் செய்தியும், தேதியும் கிழமையும் தெளிவாக இருந்தால், சான்றாக நிற்கும். ‘நாளை இல்லை’ என்று இருந்தால் எந்த நாள் என்று வாதாட வேண்டியதுதான்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் சொல்வதாக மேடம் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மாஸ்டருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் களைப்பு இருக்கிறது, உட்கார்ந்தபடியே சொல்லித்தருவார் என்றால் அதையும் அப்படியே எழுதலாம்: “ஜூன் 18, புதன் காலை 6 மணி வகுப்பு உண்டு. மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் மட்டும்.” இந்த இரண்டாவது செய்தியைப் பலர் அனுப்புவதே இல்லை. ரத்து என்று சொன்னதோடு மறந்துவிடுகிறார்கள். புதன்கிழமை மாஸ்டர் வந்து விளக்கைப் போட்டால், எதிரே மூன்று மேட்தான் விரிந்திருக்கும்.