சம்பளம் கூடினால் குடும்ப வருமானமும் கூடுமா?

கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கும் மனைவிக்கு மாதம் 52,000 ரூபாய் கையில் வருகிறது. பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயரான கணவருக்கு 48,000. வீட்டு வாடகை 14,000. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். இந்த நேரத்தில் மனைவிக்குப் பெங்களூருவில் ஆண்டுக்கு 12 லட்சத்தில் வேலை கிடைக்கிறது.

மாதம் ஒரு லட்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அதில் 1.2 லட்சம், வேலைத்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் வரக்கூடிய தொகை. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எல்லாம் அந்த 12 லட்சத்துக்குள்தான் அடக்கம். அவர் பங்கு பி.எஃப்.பையும் கழித்தால் மாதம் கையில் வருவது சுமார் 77,000.

பெங்களூருவில் வாடகை 32,000 என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு அங்கே 60,000 சம்பளத்தில் வேலை கிடைத்து, குழந்தை காப்பகத்துக்கு 12,000 கட்டினால், மீதி 93,000. கோவையில் வாடகை போக மிஞ்சியது 86,000. ஆக, இருவரும் சம்பாதித்தும் மாத லாபம் 7,000தான். கணவர் வேலையில்லாமல் இருக்கும் மாதங்களில் கையில் நிற்பது 45,000. அதாவது மாதம் 41,000 குறைவு. அவர் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதத்தையும் ஈடுகட்ட, பிறகு ஆறு மாதம் ஓட வேண்டும்.

அதனால் யார் சம்பளம் பெரிது என்பதைவிட, பின்னால் போகிறவருக்கு எத்தனை மாதத்தில் வேலை கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. பம்ப், மோட்டார் தொழிலுக்குக் கோவைதான் மையம். அந்த அனுபவத்தைப் பெங்களூருவில் எத்தனை கம்பெனிகள் அப்படியே மதிக்கும் என்பதைக் கணவர் விசாரிக்க வேண்டும். அங்கே நேர்காணலுக்கு அழைப்பே வராவிட்டால் அது தெளிவான எச்சரிக்கை. இதை ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

அவர் சேர்ந்து நான்கு வருடம் மூன்று மாதம் ஆகிறது என்றால், இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிராஜுவிட்டிக்குச் சட்டப்படி ஐந்து வருடத் தொடர் பணி தேவை. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், ஐந்து வருடத்துக்குச் சுமார் 86,500 ரூபாய். இப்போதே கிளம்பினால் அது போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் போவதில் நியாயம் இருக்கலாம். மனைவி கோவையில் டீம் லீடாக வழியே இல்லை, பெங்களூருவில் இரண்டு மூன்று வருடத்தில் ஆகலாம் என்றால், அந்த 7,000 தொடக்கம் மட்டுமே. அப்போது என் யோசனை: மனைவி முதலில் சேரட்டும், முடிந்தால் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கட்டும். கணவர் கோவை வேலையில் இருந்தபடியே தேடட்டும். தனி அறைக்கு 12,000 கொடுத்தாலும், 41,000 இழப்பதைவிட அது எவ்வளவோ குறைவு. குழந்தையைப் பிரிந்திருக்க வேண்டுமே என்பதால், எத்தனை மாதம் இப்படி என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.