மூழ்கிய மலை, மிதக்காத வளையம்

1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் பீகிள் கப்பல் நங்கூரமிட்டது. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் கடலின் ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக்கொண்டே போனார். குண்டின் அடியில் கொழுப்பு பூசியிருக்கும். தரையில் எது இருக்கிறதோ அது கொழுப்பில் ஒட்டும், அல்லது தன் தடத்தைப் பதிக்கும். கரைத்திட்டை ஒட்டி, 18 மீட்டர் ஆழத்துக்குள் இறக்கியபோதெல்லாம் உயிருள்ள பவளங்களின் தடம் சுத்தமாகப் பதிந்து வந்தது. இன்னும் கீழே போகப் போகத் தடம் குறைந்து மணல் கூடியது. பிறகு வெறும் மணல். கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இறக்கியபோது, 2,200 மீட்டர் கயிறு தீர்ந்தும் தரை தட்டவில்லை.

கப்பலில் இருந்த 27 வயது சார்லஸ் டார்வினுக்கு இதில் ஒரு முடிச்சு தெரிந்தது. பவளப்பூச்சியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன என்பதும், அவை வெயிலில் சமைக்கும் உணவில்தான் பூச்சி பெரும்பாலும் வாழ்கிறது என்பதும் இன்று நமக்குத் தெரியும். அன்று அது தெரியாது. ஆனால் திட்டுக் கட்டும் பவளம் வெளிச்சம் எட்டும் மேல்மட்டத்தில்தான் செழிக்கும் என்பதைக் கொழுப்பே காட்டிவிட்டது. அப்படியானால், ஆழக்கடலின் நடுவே சுவர் வைத்ததுபோல் எழும் இந்த வளையத்துக்கு அஸ்திவாரம் போட்டது யார்? நூற்றுக்கணக்கான வளையத்தீவுகளின் அடியிலும், சொல்லிவைத்தாற்போல் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, ஒரு மலை உச்சி காத்திருக்க முடியுமா? எரிமலை வாயின் விளிம்பில் பவளம் வளர்ந்து வளையமானது என்பது அக்கால நிலவியல் அறிஞர் சார்லஸ் லயலின் விளக்கம். பல பத்து கிலோமீட்டர் அகலமுள்ள எரிமலை வாய்கள் அத்தனை இருந்தன என்றும், எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன என்றும் நம்பினால்தான் அது செல்லும்.

டார்வினின் விடை வேறு. மலை மெல்லக் கீழே போகிறது. பவளம் அதே இடத்தில் மேலே கட்டிக்கொண்டே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனை அவருக்குத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், உண்மையான பவளத்திட்டு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அங்கே நிலம் உயர்ந்ததன் தடயங்களைப் பார்த்தவர், வேறெங்கோ கடல்தளம் தாழ்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

இது நடக்கப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதால் எவரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் பசிபிக்கில் தஹிதி இருக்கும் சொசைட்டி தீவுக்கூட்டத்தில் எல்லாக் கட்டங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அங்கே பூமியின் ஆழத்தில் ஒரு வெப்பப் புள்ளி உள்ளது. அதன் மேலே பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் வடமேற்காக நகர்கிறது. புள்ளிக்கு மேலே வரும் இடத்தில் எரிமலை எழுகிறது. நகர்ந்து போனதும் நெருப்பு அணைந்துவிடுகிறது. ஆகவே தென்கிழக்கில் இளைய தீவுகள், வடமேற்கே போகப் போக மூத்தவை. தஹிதியிலிருந்து போரா போரா ஏறத்தாழ 260 கிலோமீட்டர். 11 சென்டிமீட்டரால் வகுத்தால் 24 லட்சம் ஆண்டு இடைவெளி கிடைக்கும். பாறைகளின் வயதைத் தனியே அளந்தபோது கிடைத்த கணக்கும் இதற்குப் பக்கத்திலேயே வருகிறது.

வரிசையின் தென்கிழக்கு முனையில் மெஹெதியா. எரிமலை வடிவம் இன்னும் கலையாத சின்னத் தீவு, திட்டு என்று சொல்லும்படி எதுவும் இன்னும் சேரவில்லை. அடுத்தது தஹிதி. 2,241 மீட்டர் உயரச் சிகரம், சுமார் பத்து லட்சம் ஆண்டு வயது. இங்கே முதல் கட்டத்தைப் பார்க்கலாம். கடலில் மிதந்து வரும் பவளக் குஞ்சுகள் கரையோர எரிமலைப் பாறையில் ஒட்டி, கரையோடு கரையாகத் திட்டுக் கட்டுகின்றன. இதுதான் கரையோரத் திட்டு. சில இடங்களில் அது கரையை விட்டு விலகவும் தொடங்கிவிட்டது.

தஹிதியிலிருந்து 17 கிலோமீட்டரில் மொரேயா. 1835 நவம்பரில் தஹிதியின் மலைச்சரிவில் ஏறி நின்று டார்வின் பார்த்தது இதைத்தான். சட்டம் போட்ட படம்போல இருக்கிறது என்று எழுதினார்: உடையும் அலைகள் சட்டம், அமைதியான காயல் வெள்ளைத்தாள் ஓரம், நடுவிலுள்ள மலை படம். படத்தை மட்டும் உருவிவிட்டால் மீதியிருப்பது வளையத்தீவு என்பதே அவர் கண்ட சூட்சுமம்.

மலை ஏன் இறங்குகிறது? வெப்பப் புள்ளிக்கு மேலே கடல்தளமே சற்று வீங்கியிருக்கும். அதைவிட்டு நகர்ந்ததும் தட்டு ஆறுகிறது, ஆறினால் அடர்த்தி கூடும், கூடினால் அமிழும். எரிமலையின் சொந்த எடையும் தட்டை வளைத்து அழுத்துகிறது. மேலிருந்து மழை வேறு மலையை அரிக்கிறது. தஹிதி இறங்கும் வேகம் ஆண்டுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். நல்ல நீரில் திட்டு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர முடியும் என்பதால், இந்த ஓட்டத்தில் பவளம் தோற்பதற்கு வழியே இல்லை.

ஆனால் திட்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. அலை மோதும் வெளிப்புறத்தில் தெளிந்த நீரும் பிராணவாயுவும் உணவும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அங்கே கல்லாக இறுகும் சிவப்புப் பாசி பவளத்தை ஒட்டவைத்து, அலையைத் தாங்கும் வரப்பு ஒன்றையும் கட்டுகிறது. உட்புறத்தில் நீர் தேங்கும், சூடாகும், மலையிலிருந்து மண் வந்து படியும். எனவே வெளிவிளிம்பு நேராக மேலே ஏறுகிறது, உட்பகுதி பின்தங்குகிறது. கரையோ மலை அமிழ அமிழ உள்வாங்கிக்கொண்டே போகிறது. இடையில் விழும் பள்ளம்தான் காயல். கரையோரத் திட்டு இப்போது தடுப்புத் திட்டு.

இந்தத் திட்டில் கப்பல் நுழையும் வாய்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது சுவாரசியமானது. மொரேயாவின் வடகரையில் இரண்டு பெரிய பள்ளத்தாக்குகள் கடலில் இறங்கி விரிகுடாக்களாகின்றன. அவற்றுக்கு நேர் எதிரே திட்டில் இரண்டு வாய்கள். ஆற்று நன்னீரும் சேறும் பவளத்துக்கு ஆகாது. ஆகவே அந்த இடத்தில் மட்டும் வேலி அடைபடவில்லை.

போரா போராவில் காயல் நன்றாக அகன்றுவிட்டது. மலையில் 727 மீட்டர்தான் எஞ்சியிருக்கிறது. அதற்கும் மேற்கே மௌபிதியில் 380 மீட்டர் மட்டும். போரா போராவுக்கு வடக்கே துபாய் என்றொரு தீவு (வளைகுடா நகரம் அல்ல) இருக்கிறது. அங்கே மலையே இல்லை. வளையம், உள்ளே காயல், அவ்வளவுதான். வளையத்தின் மேல் தென்னை நிற்கும் மணல் தீவுகள், புயல் உடைத்தெறிந்த பவளக் கற்களும், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்கள் கழித்த மணலும் குவிந்து உண்டானவை. அடியிலுள்ள வளையத்தோடு ஒப்பிட்டால் அவை நேற்றுப் பிறந்தவை. சில ஆயிரம் ஆண்டு வயதுதான்.

வரிசை அழகாக இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. டார்வின் 1842இல் புத்தகமாக எழுதிய பிறகும் சண்டை ஓயவில்லை. ஆழ்கடல் மேடுகளின் மேல் வண்டல் குவிந்து உயர்ந்து, அதன் தலையில் பவளம் மெல்லிய தொப்பியாக உட்கார்ந்தது, எதுவும் அமிழவில்லை என்றார் ஜான் மர்ரே. தீர்ப்பதற்கு ஒரே வழி துளையிடுவது. டார்வின் சொன்னது சரியென்றால் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு ஆழமற்ற நீரில் வாழும் பவளமாகவே வந்து, கடைசியில் எரிமலைப் பாறை தட்ட வேண்டும். மர்ரே சரியென்றால் கொஞ்சம் பவளம், அப்புறம் வண்டல். யாராவது பெரும் பணக்காரர் இதைச் செய்தால் தேவலை என்று இறப்பதற்கு முந்தைய ஆண்டு டார்வின் ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை புனபுதி தீவில் முயன்று 340 மீட்டர் போனது. பவளச் சுண்ணாம்பு தீரவில்லை. இரு தரப்பும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. 1947இல் பிகினியில் 779 மீட்டர். அடி தட்டவில்லை.

1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடோக்கில் தட்டியது. அமெரிக்கா அங்கே அணுகுண்டுச் சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம். அந்த வளையத்தில் போட்ட இரண்டு துளைகளில் ஒன்று 1,283 மீட்டரிலும் மற்றொன்று 1,405 மீட்டரிலும் பசால்ட் என்ற எரிமலைப் பாறையைத் தொட்டன. அதுவரை வந்ததெல்லாம் ஆழமற்ற நீரில் உருவான சுண்ணாம்புக்கல். அடிப்படலத்தின் வயது சுமார் ஐந்து கோடி ஆண்டு. அதாவது சராசரியாக நூறு ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர்கூட அந்த மலை இறங்கவில்லை. புத்தகம் வந்து 110 ஆண்டுகள் கழித்து டார்வினுக்குத் தீர்ப்பு கிடைத்தது. பணக்காரருக்குப் பதில் அணுகுண்டு செலவு செய்தது.

ஆனாலும் டார்வினுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பனியுகங்களில் கடல்மட்டம் பலமுறை இறங்கி ஏறியது. 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. வளையத்தீவுகள் அப்போது சுண்ணாம்பு மேடுகளாக வெயிலில் நின்றன. சுண்ணாம்பை மழைநீர் கரைக்கும். நடுவில் தேங்கிய நீர் குழி பறித்தது, கடல் திரும்பியபோது பவளம் பழைய விளிம்பில் ஏறிக் கட்டியது. இன்று காணும் வளைய வடிவத்துக்கு மலை அமிழ்ந்ததைவிட இதுவே முக்கியக் காரணம் என்று டிராக்ஸ்லர், ஜோரி ஆகிய ஆய்வாளர்கள் 2021இல் வாதிட்டிருக்கிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் பவளம் அடுக்கப்பட்டதற்கு அமிழ்வு வேண்டும். மேலே உள்ள காயலின் குழிவுக்குப் பனியுகம் வேண்டும்.

பவளத்திட்டு இருக்கும் இடமெல்லாம் இந்தக் கதை பொருந்தாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள திட்டுகளுக்கு அடியில் அமிழும் எரிமலை கிடையாது. அவை கண்டத்தின் விளிம்பில், ஆழமற்ற கடலில் வளர்ந்தவை. லட்சத்தீவு கதையில் சேரும். ரீயூனியன் வெப்பப் புள்ளி விட்டுச்சென்ற கடலடி மலைத்தொடரின் மேல்தான் அது உட்கார்ந்திருக்கிறது.

பவளம் எப்போதும் ஜெயிப்பதும் இல்லை. ஹவாய்த் தீவு வரிசையும் வடமேற்காகக் குளிர்ந்த நீரை நோக்கி நகர்கிறது. தென்முனையில் பவளம் ஆண்டுக்குச் சுமார் 11 மில்லிமீட்டர் வளர்கிறது. வடமுனையிலுள்ள குரே தீவில் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். இது அமிழ்வுக்கு ஈடுகொடுக்க மட்டும் போதும். உலகிலேயே மிக வடக்கேயுள்ள வளையத்தீவு குரே. அதைத் தாண்டி அதே வரிசையில் இருப்பவை எல்லாம் நீருக்குள் முழுகிப்போன மலைகள், ஒன்றுகூட மேலே இல்லை. அந்த எல்லைக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் டார்வின் முனை.