முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்

அன்புள்ள தம்பி,

கேஸ் ஸ்டடி விடையில் 15-க்கு 6 மதிப்பெண் போட்டிருந்தேன். எட்டுப் பக்கம் எழுதியும் ஏன் ஆறுதான் என்று கேட்டாய். வராந்தாவில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உன் விடையை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கத்தில் கேள்வித்தாளில் இருந்த கதையே திரும்ப வந்திருக்கிறது. அடுத்த மூன்று பக்கத்தில் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பியிருக்கிறாய். கடைசி வரி இது: "நிறுவனம் எல்லாவற்றையும் நன்கு ஆராய்ந்து தகுந்த முடிவெடுக்க வேண்டும்." ஆராயும் வேலையைத்தான் உனக்குக் கொடுத்திருந்தோம். நீ அதை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

கேள்வியை மறுபடி எடுத்து வைத்துக்கொள். திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலை. மாதம் 1,00,000 பீஸ் தைக்கலாம்; இப்போது 70,000 பீஸ் தைத்து, ஒன்றை 220 ரூபாய்க்கு விற்கிறார்கள். துணி, தையல் கூலி, பேக்கிங் எல்லாம் சேர்ந்து ஒரு பீஸுக்கு 150 ரூபாய். வாடகை, மாதச் சம்பளம் போன்ற நிலையான செலவு மாதம் 35 லட்சம். புதிய வெளிநாட்டு பையர் ஒருவர் ஆறு மாதத்துக்கு, மாதம் 40,000 பீஸ், ஒன்றுக்கு 180 ரூபாய் என்று கேட்கிறார். பணம் 90 நாள் கழித்துத்தான் வரும். ஆர்டரை எடுக்கலாமா?

நீ 35 லட்சத்தை 70,000-ஆல் வகுத்து 50 ரூபாய் எடுத்தாய். 150-உடன் கூட்டி, அடக்கவிலை 200, விலை 180, ஆகவே நஷ்டம் என்று எழுதினாய். வகுப்பில் பாதிப் பேர் விழுந்த குழி இது. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 35 லட்சம் போகத்தான் போகிறது. புதிய ஆர்டரால் கூடுகிற செலவு 150 மட்டுமே. எனவே ஒவ்வொரு பீஸிலும் 30 ரூபாய் மிஞ்சும். இதைத்தான் பங்களிப்பு என்று வகுப்பில் படித்தோம்.

இதைச் சரியாகப் பிடித்த சிலர் அடுத்த படியில் சறுக்கினார்கள். 40,000-ஐ 30-ஆல் பெருக்கி 12 லட்சம் லாபம் என்று முடித்துவிட்டார்கள். காலியாக இருப்பது 30,000 பீஸுக்கான இடம்தான். மீதி 10,000 பீஸுக்கு வழி எங்கே? இந்தக் கேள்வி எழும்போதுதான் ஒப்பிட வேண்டிய வழிகள் கண்ணில் படும்.

முதல் வழி, பழைய வாடிக்கையாளரின் 10,000 பீஸை நிறுத்துவது. அதில் ஒரு பீஸுக்கு 70 ரூபாய் கிடைத்துக்கொண்டிருந்தது. 12 லட்சத்தில் 7 லட்சம் கழிந்தால் மிச்சம் 5 லட்சம். இரண்டாவது, 10,000 பீஸை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பது. கேள்விப்படி அதற்குக் கூடுதலாக 12 ரூபாய் ஆகும். அந்தப் பீஸுகளில் 18 ரூபாய்தான் மிஞ்சும். மொத்தம் 10.8 லட்சம். மூன்றாவது, 30,000 பீஸ் மட்டும் எடுப்பது: 9 லட்சம். குறைந்தது 25,000 பீஸ் கொடுத்தாலும் பையர் ஏற்பார் என்று கேள்வியின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

ஜாப் ஒர்க் வழிதானே ஜெயித்தது என்று தோன்றும். இன்னும் கைக்காசைப் பார்க்கவில்லை. 90 நாள் கடன் என்றால் மூன்று மாதச் செலவை நம் கையிலிருந்து போட்டுக் காத்திருக்க வேண்டும். 30,000 பீஸுக்கு மாதம் 45 லட்சம்; மூன்று மாதத்துக்கு 1.35 கோடி. ஜாப் ஒர்க் வழியில் மாதம் 61.2 லட்சம், மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 1.84 கோடி. வங்கியில் எடுக்க மீதமிருக்கும் கடன் வரம்பு 1.5 கோடி என்று அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு எண் போட்டியை முடித்துவிட்டது. லாபம் கூடுதலாகத் தெரிந்த வழிக்குப் பணம் இல்லை. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 1.35 கோடிக்கு மாதம் 1.35 லட்சம் போகும். அதைக் கழித்தாலும் 30,000 பீஸ் வழியில் மாதம் 7.65 லட்சம் நிற்கிறது.

இவ்வளவு கணக்கும் வெள்ளைத்தாளின் ஓரத்தில் போட வேண்டியது. விடை அதன் பிறகுதான் தொடங்குகிறது. 45 நிமிடம் இருந்தால் வாசிக்கவும் கணக்குப் போடவும் 20 நிமிடம் எடுத்துக்கொள். முடிவு தெரியாமல் பேனாவைத் திறக்காதே.

முதல் பத்தியை இப்படி எழுது: "ஆர்டரை மாதம் 30,000 பீஸுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு ஏற்கலாம். வட்டி போக மாதம் 7.65 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும், தேவைப்படும் 1.35 கோடி வங்கி வரம்புக்குள் அடங்கும்." திருத்துகிறவருக்கு நீ எங்கே போகிறாய் என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, எதை வைத்து வழிகளை அளக்கிறாய் என்று இரண்டு வரி: மாதக் கூடுதல் வரவு, கைக்காசுத் தேவை, பழைய வாடிக்கையாளருக்குப் பாதிப்பு. பிறகு மூன்று வழிகளையும் இந்த மூன்று அளவுகோலாலும் ஒரே சிறு அட்டவணையில் காட்டு. அட்டவணைக்குக் கீழே, தள்ளிய இரண்டையும் ஏன் தள்ளினாய் என்று ஒவ்வொரு பத்தி.

சான்று என்றால் எண்ணை மட்டும் எழுதுவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்ததுதான். 1.5 கோடி கேள்வியில் கொடுத்தது. 7.65 லட்சம் நீ கணக்கிட்டது. பையர் ஆறு மாதமும் ஒழுங்காகப் பணம் தருவார் என்பது உன் அனுமானம். மூன்றையும் பிரித்துக் காட்டு. அனுமானத்தை உண்மைபோல எழுதினால் திருத்துகிறவர் அங்கேதான் கோடு போடுவார்.

கடைசிப் பகுதியில் உன் முடிவை நீயே சோதித்துப் பார். நூல் விலை ஏறி ஒரு பீஸுக்குச் செலவு 10 ரூபாய் கூடினால்? மிச்சம் 20 ரூபாயாகக் குறையும். தேவைப்படும் பணம் 1.44 கோடி ஆகும். வட்டி போக மாதம் 4.56 லட்சம் அப்போதும் கிடைக்கும். முடிவு தாங்குகிறது. பையர் 60 நாளில் பணம் தரச் சம்மதித்தால்? ஜாப் ஒர்க் வழிக்கு 1.22 கோடி போதும். அப்போது 40,000 பீஸையும் எடுக்கலாம். ஆகவே கையெழுத்துப் போடுமுன் 60 நாள் கெடு கேட்டுப் பார்க்கச் சொல். 180 ரூபாய் விலை பழைய வாடிக்கையாளர் காதுக்குப் போனால் அவர்களும் குறைக்கச் சொல்வார்கள். அதனால் வேறு டிசைன், வேறு லேபிள் என்ற நிபந்தனையையும் சேர்.

இவ்வளவும் மூன்றரைப் பக்கத்தில் அடங்கும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியாக விரலால் மறைத்துப் பார். மறைத்த பிறகும் முடிவு அப்படியே நின்றால் அந்தப் பத்தி தேவையில்லை. உன் பழைய விடையில் அப்படி மறைத்துப் பார்த்தேன். முதல் ஐந்து பக்கமும் போய்விட்டன.

வெள்ளிக்கிழமைக்குள் இதே கேள்வியைத் திரும்ப எழுதிக் கொண்டுவா. ஆர்டரை எடுக்க வேண்டாம் என்றுகூட நீ எழுதலாம்; எந்த எண் உன்னை அங்கே கொண்டுபோனது என்று காட்டினால் போதும், மதிப்பெண் தருவேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்