வட்டியை ஏன் கழிப்பதில்லை?

திருப்பூர்ப் பின்னலாடை ஆலை ஒன்று 40 லட்சம் ரூபாய்க்குப் புது இயந்திரம் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கலாமா என்று பார்க்கும் கணக்கில், வாங்கினால் மட்டும் மாறும் பணமே சேரும். எப்படியும் கொடுக்கவேண்டிய மேலாளர் சம்பளம் சேராது.

இயந்திரத்தால் ஆண்டுக்குக் கூடுதலாக 12 லட்சம் மிஞ்சும். முதலாண்டுத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 6 லட்சம். இது கையைவிட்டுப் போகும் பணமல்ல. ஆனால் வரிக்குரிய லாபத்தை 6 லட்சமாகக் குறைக்கிறது. வரி 25 சதவீதம் என்றால் கட்டுவது 3 லட்சமல்ல, ஒன்றரை லட்சம்தான். கையில் நிற்பது பத்தரை லட்சம்.

பலர் மறப்பது நடைமுறை மூலதனத்தை. கூடுதல் நூல் இருப்புக்கும் வாடிக்கையாளர் கடனுக்கும் 5 லட்சம் தொடக்கத்திலேயே முடங்கும். அது செலவல்ல, லாபநட்டக் கணக்கில் தெரியாது. எட்டாண்டில் திட்டம் முடியும்போது திரும்பும். ஆனால் அப்போது வரும் 5 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு.

வங்கிக் கடன் வட்டி? அதைக் கழிக்கக்கூடாது. வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்திலேயே, வட்டிக்கான வரிச்சலுகை உட்பட, கடனின் செலவு அடங்கியிருக்கிறது. மறுபடி கழித்தால் ஒரே செலவு இருமுறை விழுந்து, நல்ல திட்டமும் நட்டமாகத் தெரியும்.